3 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம்

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வலிப்புக்கு முதலில் எடுக்கும் மருந்து ஃபீனோபார்பிட்டோன். மருத்துவர்களும் செவிலியர்களும் அதைச் சுருக்கமாக 'ஃபீனோ' என்பார்கள். பழைய ஆட்களுக்கு அது 'கார்டினால்'. நம் ஊர் மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைப்பது 1 மி.லி. கண்ணாடிக் குப்பி. அந்த 1 மி.லி.க்குள் 200 மில்லிகிராம் மருந்து இருக்கும். 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் தடவை தர வேண்டியதோ 60 மில்லிகிராம்தான். அதாவது குப்பியில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு, வெறும் 0.3 மி.லி. பெரியவர்களுக்கு ஊசி போடும் பழக்கத்தில் குப்பி முழுவதையும் உறிஞ்சிச் செலுத்திவிட்டால் மூன்று மடங்குக்கும் மேலான மருந்து உள்ளே போய்விடும்.

அதனால்தான் ஒழுங்காக நடக்கும் பிரிவுகளில் யாரும் அந்த 0.3 மி.லி.யை நேரடியாகப் போடுவதில்லை. குப்பியில் உள்ள 200 மில்லிகிராமை 20 மி.லி. ஆகும்வரை நீர்க்கிறார்கள். இப்போது 1 மி.லி.க்கு 10 மில்லிகிராம். 60 மில்லிகிராமுக்கு 6 மி.லி. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. ஒரு செவிலியர் கணக்குப் போட, இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுவார். எடை, ஒரு கிலோவுக்கான அளவு, நீர்த்த விகிதம் ஆகிய மூன்றில் எது தவறினாலும் விடை தவறிவிடும் என்பதால் இந்த இரட்டைக் கணக்கு.

இது புது மருந்து அல்ல. 1912இல் ஜெர்மனியில் 'லூமினால்' என்ற பெயரில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற மருத்துவர், தூங்குவதற்காக இதைக் கொடுத்த காக்காய் வலிப்பு நோயாளிகளுக்கு வலிப்பும் குறைவதைக் கவனித்து எழுதினார். அதன் பிறகு எத்தனையோ வலிப்பு மருந்துகள் வந்துவிட்டன. பெரியவர்களின் மருந்துச் சீட்டிலிருந்து இது மெல்லப் பின்வாங்கியும் விட்டது. ஆனால் பிறந்த சில நாட்களே ஆன குழந்தைக்கு இன்னும் இதுதான் முதல் மருந்து. பக்கவிளைவு குறைவு என்று பெயர்பெற்ற லெவிட்டிராசிட்டத்தையும் இதையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. மூளை மின்வரைபடத்தில் 24 மணி நேரம் வலிப்பின்றி இருந்த குழந்தைகள், ஃபீனோபார்பிட்டோன் பெற்றவர்களில் 100க்கு 80 பேர். மற்ற மருந்து பெற்றவர்களில் 28 பேர். ஒரு நூற்றாண்டாகக் கையில் இருந்தும், பச்சிளங்குழந்தை வலிப்புக்கென்றே இதற்கு அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு முறையான ஒப்புதல் தந்தது 2022இல்தான்.

இந்த மருந்தின் எல்லாக் கணக்குகளும் ஒரே ஒரு குணத்திலிருந்து பிறக்கின்றன. பிறந்த குழந்தையின் உடலிலிருந்து இது மிக மெதுவாகத்தான் வெளியேறும். முதல் தடவை ஏன் அவ்வளவு பெரிய அளவு, பிறகு ஏன் அவ்வளவு சிறிய அளவு, ஏன் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், ஏன் ஒரே அளவு மருந்து முதல் வாரத்தில் மிகையாகவும் நான்காம் வாரத்தில் குறைவாகவும் ஆகிறது என்பதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டால் விளங்கிவிடும். அதற்கு ஒரு குழந்தையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எண்கள் உண்மையான சிகிச்சை முறையில் உள்ளவையே.

நிறைமாதக் குழந்தை. எடை 3 கிலோ. பிரசவம் நீண்டுபோய், பிறந்ததும் அழவில்லை; மூச்சுக் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். பிறந்து 14 மணி நேரம் கழித்து ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதிப்பதுபோல அசைக்கிறது. உதடு சப்புகிறது. கண்கள் இரண்டும் ஒரு பக்கமாக நிலைகுத்தி நிற்கின்றன. பச்சிளங்குழந்தையின் வலிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் காட்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் வலிப்பைத் தவறவிடுவோம். சில குழந்தைகளுக்கு மூச்சு சில நொடிகள் நிற்பது மட்டுமே அடையாளம். மறுபுறம், கை கால் நடுங்குவதெல்லாம் வலிப்பும் அல்ல. நடுங்கும் கையை மெல்லப் பிடித்து மடக்கினால் நடுக்கம் நின்றுவிடும். வலிப்பு பிடித்தாலும் நிற்காது, விரல்களுக்கடியில் துடிப்பு தெரியும்.

ஃபீனோவை எடுப்பதற்கு முன்னால் குதிகாலில் ஒரு குத்து. ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள். 40க்குக் கீழே இருந்தால் முதல் மருந்து ஃபீனோபார்பிட்டோன் அல்ல, குளுக்கோஸ்தான்: கிலோவுக்கு 2 மி.லி. வீதம் 10 சதவீதக் குளுக்கோஸ் நீர். சர்க்கரை குறைந்ததால் வரும் வலிப்புக்கு வலிப்பு மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, மூளை அதுவரை பட்டினி கிடக்கும். அதேபோல இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தால் கால்சியம். நம் குழந்தைக்குச் சர்க்கரை 68, கால்சியமும் சரியாக இருக்கிறது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோனதுதான் காரணம் என்று மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பச்சிளங்குழந்தை வலிப்புக்கு மிக அடிக்கடி வரும் காரணமும் அதுவே.

இப்போது லோடிங் டோஸ். உடலை ஒரே மூச்சில் மருந்தால் நிரப்பும் முதல் பெரிய அளவு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. 3 கிலோவுக்கு 60 மில்லிகிராம். இந்த 20 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஃபீனோபார்பிட்டோன் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா நீரிலும் கலந்துவிடும். பச்சிளங்குழந்தையின் உடல் பெரும்பாலும் நீர்தான் என்பதால், ஒரு கிலோ எடைக்குச் சுமார் 0.9 லிட்டரில் மருந்து பரவுவதாக வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவுக்கு 2.7 லிட்டர். 60 மில்லிகிராமை 2.7 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 22 மில்லிகிராம். வலிப்பைக் கட்டுப்படுத்த இரத்தத்தில் இருக்க வேண்டியது லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை. ஆக, முதல் டோஸ் அந்த எல்லையின் கீழ் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதைச் செய்யாமல் தினசரி சிறிய அளவுகளாகவே தொடங்கினால் அந்த வாசலை எட்டவே பல நாட்கள் ஆகும். வலிப்பு அதுவரை காத்திருக்காது.

6 மி.லி. மருந்தை நரம்பு ஊசி வழியாக, பம்பில் வைத்து, 20 நிமிடத்தில் செலுத்துகிறார்கள். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம், இரத்த அழுத்தம் சரியலாம். ஆகவே பக்கத்தில் அம்பு பையும் முகமூடியும் தயாராக இருக்கும். விரலில் அல்லது பாதத்தில் மாட்டிய ஆக்சிமீட்டரின் எண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொரு கவலை ஊசி இருக்கும் இடம். இந்த மருந்து காரத்தன்மை மிகுந்தது. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். பிஞ்சுக் கையில் வீக்கமோ வெளுப்போ தெரிந்தால் உடனே பம்பை நிறுத்துவதுதான் முதல் வேலை.

மருந்து முடிந்து சற்று நேரம் கழித்தும் நம் குழந்தையின் கால் அசைவு நிற்கவில்லை. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இன்னொரு முறை கொடுக்கலாம்; மொத்தம் கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மருத்துவர் 10 வீதம் 30 மில்லிகிராம் சேர்க்கிறார். இப்போது உடம்பில் இருப்பது 90 மில்லிகிராம். இரத்த அளவு கணக்குப்படி 33. கால் அசைவு நிற்கிறது. உதடு சப்புவதும் நிற்கிறது.

இங்கேதான் பலரும், மருத்துவர்கள்கூட, ஏமாறும் இடம். அசைவு நின்றதாலேயே வலிப்பு நின்றது என்று சொல்ல முடியாது. ஃபீனோ கொடுத்த பிறகு பல குழந்தைகளுக்கு உடம்பு அமைதியாகிவிடும், ஆனால் மூளை மின்வரைபடத்தில் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் பச்சிளங்குழந்தையின் மூளை அமைப்பிலேயே இருக்கிறது. ஃபீனோபார்பிட்டோன் வேலை செய்வது 'காபா' என்ற இரசாயனத்தின் மூலம். பெரியவர்களின் மூளையில் காபா வந்தால் நரம்பணு அடங்கும். பிறந்த குழந்தையின் நரம்பணுக்களுக்குள் குளோரைடு அதிகமாக இருப்பதால் அங்கே காபாவுக்கு அடக்கும் சக்தி முழுதாக இல்லை. சில வேளைகளில் தூண்டவும் செய்யும். இந்த நிலை முதிர்ச்சியடைந்து மாறுவது மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. கை காலை அசைக்கும் கீழ்ப் பகுதிகள் முன்னதாக முதிர்ந்துவிடுகின்றன, மூளையின் மேலுறை பின்தங்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதனால் மருந்து கைகால்களை அடக்கிவிட்டு மூளையைப் பாதியில் விட்டுவிடுகிறது. 1999இல் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், மின்வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டபோது ஃபீனோபார்பிட்டோன் மட்டும் கொடுத்து வலிப்பு அடங்கிய குழந்தைகள் 100க்கு 43 பேர்தான். இப்போது மின்வரைபடமோ, படுக்கை அருகிலேயே வைத்துப் பார்க்கும் எளிய வடிவமோ இருக்கும் இடங்களில், மருந்துக்குப் பிறகும் அதைக் கழற்றுவதில்லை. அந்த வசதி இல்லாத இடத்தில் மருத்துவர் குழந்தையின் கண், மூச்சு, நாடித் துடிப்பின் திடீர் மாற்றம் இவற்றை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் குழந்தையின் மின்வரைபடமும் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மெயின்டனன்ஸ் டோஸ், அதாவது தினசரி தொடர் அளவு. முதல் டோஸுக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும். அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். முதல் நாள் 90 மில்லிகிராம் வாங்கிய குழந்தைக்கு மறுநாளிலிருந்து 10, 15 மில்லிகிராம்தானா என்று பெற்றோர் வியப்பதுண்டு. மண்பானையில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகு, கசிவதை மட்டும் ஈடுசெய்தால் போதும் அல்லவா? இங்கே கசிவு மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்று பார்க்கலாம். உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். பிறந்த முதல் வாரத்தில் ஃபீனோபார்பிட்டோனின் அரை ஆயுள் 100 முதல் 200 மணி நேரம் வரை இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை சில மணி நேரத்தில் கரைந்து போவதோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத மந்தம். மருந்தை உடைக்க வேண்டிய கல்லீரல் நொதிகள் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை, சிறுநீரகமும் முழு வேகத்தில் இல்லை. நம் குழந்தைக்கு அரை ஆயுள் 120 மணி நேரம், அதாவது 5 நாள் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு நாளில் உடம்பில் உள்ளதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வெளியேறும். 90 மில்லிகிராமில் எட்டில் ஒரு பங்கு 11, 12 மில்லிகிராம். தினமும் கிலோவுக்கு 4 வீதம் 12 மில்லிகிராம் கொடுத்தால் போனதும் வந்ததும் சமம். இரத்த அளவு 33இலேயே நிற்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த 5 நாள் என்பது நாம் வைத்துக்கொண்ட கணக்குதான், குழந்தை அப்படி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் அடிபட்டிருக்கும். மூளையைக் காப்பதற்காக உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை நடந்தால் மருந்து வெளியேறுவது இன்னும் மந்தமாகலாம். அரை ஆயுள் 200 மணி நேரமாகிவிட்டால் ஒரு நாளில் வெளியேறுவது 8 சதவீதம் மட்டுமே. இந்தக் குழந்தைக்கு உயர் எல்லையான கிலோவுக்கு 5 வீதம் 15 மில்லிகிராம் எழுதப்பட்டால் என்ன ஆகும்? தினமும் 7 மில்லிகிராம் வெளியேற, 15 உள்ளே போகிறது. ஒரு வாரத்தில் இரத்த அளவு 48ஐ நெருங்கும். யாரும் கவனிக்காமல் அப்படியே தொடர்ந்தால் 60ஐயும் தாண்டும். எழுதிய அளவில் தவறில்லை, புத்தகத்தில் உள்ள அளவுதான். ஆனால் குழந்தைக்கு அது மிகை.

மிகையானால் சத்தமில்லாமல்தான் தெரியும். குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிடும். தசைகள் துவண்டிருக்கும். மூச்சு இடைவெளி விடும்.

"ஏம்மா, புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குது, பால் இழுக்கவும் மாட்டேங்குது, மருந்து கூடிப்போச்சா?" என்று பாட்டி கேட்டால், "நோயினாலயும் அப்படி இருக்கும் பாட்டி, மருந்தினாலயும் இருக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்பதுதான் செவிலியர் சொல்லக்கூடிய நேர்மையான பதில். மூளை அடிபட்ட குழந்தை மந்தமாக இருப்பதையும், மருந்து மிகையான குழந்தை மந்தமாக இருப்பதையும் தொட்டுப் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அளவு 30 என்று வந்தால் மருந்தின் மேல் பழி போடுவது கடினம், வேறு காரணம் தேட வேண்டும். 55 என்று வந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து, அளவு இறங்கும்வரை பொறுத்திருப்பார்கள். மருந்து மிகையாகி மூச்சுக்குச் செயற்கைக் கருவி தேவைப்பட்ட குழந்தையின் மூளை மோசமாக அடிபட்டிருக்கிறது என்று தவறாக முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவும் இந்தச் சோதனை முக்கியம். மூளை எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மதிப்பிடும் நாளில் இரத்தத்தில் எவ்வளவு ஃபீனோ இருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

எப்போது பார்ப்பது? லோடிங் டோஸ் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய, அது முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பார்க்கலாம். உடனே எடுத்தால் மருந்து உடம்பெங்கும் பரவுமுன் எடுத்த பொய்யான உயரமே தெரியும். வலிப்பு அடங்காத குழந்தைக்கு அடுத்த மருந்துக்குப் போகுமுன் இது உதவும். அடுத்து, தொடர் மருந்து ஆரம்பித்த சில நாட்களில் ஒரு முறை, முதல் வாரக் கடைசியில் ஒரு முறை. மற்றபடி வலிப்பு திரும்பினால், குழந்தை அளவுக்கு மீறித் துவண்டால், கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டால், வேறு மருந்து சேர்க்கப்பட்டால். பொதுவாக மருந்துகளுக்கு 'அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால்' என்ற விதியை வலியுறுத்துவார்கள். இங்கேயும் அப்படி எடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் மருந்து இவ்வளவு மந்தமாக வெளியேறுவதால் இரண்டு டோஸ்களுக்கு இடையில் அளவு பெரிதாக ஏறி இறங்காது. நேரத்தைவிட முக்கியமானவை வேறு இரண்டு.

முதலாவது, எந்தக் குழாய் வழியாக மருந்து ஏறியதோ அதே குழாயிலிருந்து இரத்தம் எடுக்கக் கூடாது. குழாயில் ஒட்டியிருக்கும் மருந்துத் துளி சேர்ந்துகொண்டால் 30 என்பது 90 ஆகத் தெரியும். குழந்தை மருந்தின்றித் தவிக்க நேரும். இரண்டாவது, கடைசி டோஸ் எப்போது, மாதிரி எடுத்தது எப்போது என்று சீட்டில் எழுதாமல் அனுப்பப்பட்ட எண் அரை எண்தான். ஆய்வகத்தின் அலகையும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு மில்லிகிராம் என்றாலும் மி.லி.க்கு மைக்ரோகிராம் என்றாலும் எண் ஒன்றே. ஆனால் சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று தரும், அது 4.3 மடங்கு பெரிய எண். நம் குழந்தையின் 33 அங்கே 142 என்று அச்சாகும். அலகைப் படிக்காதவர் அதிர்ச்சியில் மருந்தை நிறுத்திவிடுவார்.

எண்ணுக்காக மருந்தை மாற்றக் கூடாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. வலிப்பு நின்று, நன்றாகப் பால் குடித்து, விழித்துப் பார்க்கும் குழந்தைக்கு அளவு 18 என்று வந்தால் அதை 20க்கு ஏற்றுவதற்காக மேலும் மருந்து ஏற்றுவது என் பார்வையில் எண்ணுக்குச் சிகிச்சை செய்வதுதான். அதேபோல 40 வந்துவிட்டது, வலிப்பு இன்னும் நிற்கவில்லை என்றால், இன்னும் ஃபீனோ ஏற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் மயக்கம்தான். அந்த இடத்தில் இரண்டாவது மருந்தை எடுக்க வேண்டும்.

இப்போது அதே குழந்தையை மூன்று நான்கு வாரங்கள் கழித்துப் பார்ப்போம். கல்லீரல் நொதிகள் விழித்துக்கொண்டன. ஃபீனோவே அவற்றை மேலும் தூண்டும். அரை ஆயுள் 60 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. குழந்தையின் எடை 3.5 கிலோ. அதே 12 மில்லிகிராம் தொடர்ந்துகொண்டிருக்கிறது. இரத்த அளவு கணக்குப்படி 14க்கு இறங்கியிருக்கும். முதல் வாரத்தில் 33ஐத் தாங்கிய அளவு இப்போது பாதிக்கும் கீழே. வலிப்பு நோய் உண்மையிலேயே தொடரும் குழந்தையானால், எடைக்கேற்ப அளவை ஏற்றாவிட்டால் வலிப்பு மீண்டும் எட்டிப்பார்க்கும். 'போன மாதம் நன்றாகத்தானே இருந்தது, அதே மருந்துதானே கொடுக்கிறோம்' என்று பெற்றோர் குழம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால் நம் குழந்தைக்கு அந்தக் கேள்வியே எழ வேண்டியதில்லை. மூச்சுத்திணறலால் வந்த வலிப்பு பெரும்பாலும் முதல் சில நாட்களோடு முடிந்துவிடும். ஒரு காலத்தில் இத்தகைய குழந்தைகளை மாதக்கணக்கில் ஃபீனோ சிரப்போடு வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் 9 மையங்களில் 303 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. வீடு திரும்புமுன் மருந்தை நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் 2 வயதில் வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. மருந்தைத் தொடர்ந்ததால் வலிப்பு நோய் தடுக்கப்படவும் இல்லை. 2023இல் வலிப்புக்கான சர்வதேச மருத்துவக் கூட்டமைப்பும், உடனடிக் காரணத்தால் வந்து அடங்கிய வலிப்புக்கு, மருத்துவமனையை விட்டுப் போகுமுன்பே மருந்தை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. வளரும் மூளைக்கு ஃபீனோ நல்லதல்ல என்பதற்கு விலங்கு ஆய்வுகளில் சான்று இருக்கிறது. காரணமின்றி நீட்டுவதில் இலாபம் இல்லை. சில நாட்களே கொடுத்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் பதில் அரை ஆயுளிலேயே இருக்கிறது. 33இல் நிறுத்தினாலும் 5 நாளில் 16, இன்னும் 5 நாளில் 8. மருந்து தன்னைத்தானே படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது.

சிலருக்கு மருந்து வீட்டுக்கும் வந்தே தீரும்: மூளை அமைப்பில் குறை, மரபணுக் கோளாறு, நிற்காத வலிப்பு. அப்படி வரும்போது சிரப் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். 12 மில்லிகிராமுக்கு 3 மி.லி. வேறு கம்பெனி சிரப்பில் இந்த விகிதம் மாறியிருக்கலாம் என்பதால், புதுப் புட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்து மருந்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள். வீட்டுத் தேக்கரண்டியில் ஊற்றாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்துப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாலாடையிலோ சங்கிலோ பாலோடு கலந்து கொடுத்தால், குழந்தை மிச்சம் வைத்த பாலோடு மருந்தும் போய்விடும். இதோடு கூடவே உரைமருந்து, நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். குழந்தை மந்தமானால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

வீட்டுக்குக் கிளம்புமுன் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மருந்து எத்தனை மில்லிகிராம், அது எத்தனை மி.லி., எதற்காகத் தொடர்கிறது, எந்தத் தேதியில் எடை பார்த்து அளவை மாற்றுவார்கள், எப்போது நிறுத்துவார்கள். நிறுத்தும் தேதி எழுதாமல் ஃபீனோ சீட்டைக் கையில் கொடுத்தால், "இது எதுவரைக்கும் டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழந்தை பாலுக்கு எழும்பவில்லை என்றாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.